ஓதம் ஏறிய சுவர்

மூன்றாவது மாதிரிப் பலகையையும் அவர் வேண்டாம் என்று சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. பலகையைச் சுவரோரம் திருப்பி வைத்துவிட்டு நின்றேன்.

நான் சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்பவன். கோயமுத்தூர் கோட்டைமேட்டில் வீடு. சிமெண்ட் பூசித்தான் தொழில் பழகினேன். பிறகு சுண்ணாம்புச் சுவர் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருவர் வீட்டைப் பார்த்து இன்னொருவர் என்று வேலை வளர்ந்து, இப்போது நான்கு கொத்தனார்களும் சித்தாள்களும் என்னோடு இருக்கிறார்கள். கூப்பிட்டவுடன் போக முடிவதில்லை, காத்திருக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் மோட்டார் பம்புக்கு வார்ப்பு செய்யும் பவுண்டரி வைத்திருப்பவர். தொண்டாமுத்தூர் ரோட்டில், குடும்பத்துக்குச் சொந்தமான தென்னந்தோப்புக்குள் புதிதாக வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஹாலின் பெரிய சுவர் ஒன்றை மட்டும் சுண்ணாம்பில் பூச வேண்டும். வீட்டை வரைந்தவர்கள் அவருக்குக் கம்ப்யூட்டரில் ஒரு படம் செய்து கொடுத்திருந்தார்கள். அந்தப் படத்தில் ஹால் இருந்தது, சோபா இருந்தது, சுவரும் இருந்தது. சுவர்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஏனுங்க பாய், தப்பா நெனச்சுக்காதீங்க. பூச்சு சுத்தமா இருக்குது. ஆனா அந்தக் கம்ப்யூட்டர் படத்துல இருந்து எறங்கி வந்தாப்பல இருக்குதுங்க. உசுரில்லை. ஒரு பக்கம் வெளுத்து, ஒரு பக்கம் கறுத்து, அங்கங்க மெல்லமா விரிஞ்சு… எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்க."

"இன்னும் விரிசல் வேணுமுங்களா?"

"வேணுமுங்க. ஆனா வெட்டுன மாதிரி இருக்கக் கூடாது."

இத்தனை வருடமும் விரிசல் விட்டதற்காகத் திட்டு வாங்கியவன் நான். இப்போது ஒருவர் விரிசல் கேட்டு, நான் விட்ட விரிசல் சரியில்லை என்கிறார். மூன்றாவது பலகையில் அவர் சொன்னார் என்பதற்காகக் கரணையின் நுனியால் கீறித்தான் விட்டிருந்தேன். அது அவருக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த வாரம் போன் செய்து, வேறு சில பழைய பலகைகள் என் வீட்டு மாடியில் கிடக்கின்றன, எடுத்து வந்து காட்டுகிறேன் என்றேன். டவுன்ஹால் பக்கம் ஒரு வேலை இருக்கிறது, நானே வந்துவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

எங்கள் சந்தில் கார் வராது. முக்கில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். பலகைகளைப் பார்த்தார், எதுவும் பிடிக்கவில்லை. என் மனைவி டீ கொடுத்தாள். குடித்து முடித்ததும் நான் கை நீட்டுவதற்குள் எழுந்து, "இருக்கட்டுங்க, நானே வெச்சுடறேன்" என்று தம்ளரை எடுத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் போய்விட்டார். மரியாதை தெரிந்த மனிதர். சொந்த வீட்டிலும் அப்படித்தான் செய்வாராம், பிறகு தெரிந்துகொண்டேன்.

எங்கள் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் உள்சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியது. அவர்கள் குளியலறை அந்தப் பக்கம். பல வருடங்களாக ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பெற்ற அத்தா பூசிய சுண்ணாம்புப் பூச்சு அது. கீழே பொரிந்து கொட்டத் தொடங்கியபோது, ஒரு மழைக்காலத்தில், வேலையிடத்தில் மிச்சமான சிமெண்டைக் கொண்டுவந்து இடுப்பு உயரத்துக்கு அப்பிவிட்டேன். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும்; சிமெண்ட் விடாது. வழி அடைபட்ட ஈரம் அதற்கு மேலே ஏறிக்கொண்டது. பிறகு அங்கே ஒரு ஒட்டு, இங்கே ஒரு ஒட்டு என்று அவ்வப்போது கையில் கிடைத்த கலவையைப் பூசினேன். ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் காய்ந்தது. அதற்கு மேல் புகை, எண்ணெய், ஆவி. என் மனைவி முதலில் அந்த இடத்தில் காலண்டர்களை மாட்டினாள். ஓதம் காலண்டரைத் தாண்டி ஏறியதும் ஒரு பழைய புடவையை நீளமாகக் கட்டித் திரை போட்டாள். அன்று காலை அந்தத் திரையைத் துவைத்து மாடியில் காயப்போட்டிருந்தாள்.

நான் உள்ளே போனபோது அவர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சுவரின் முன் நின்றிருந்தார்.

"பாய், இதுதானுங்க."

எனக்குப் புரியவில்லை.

"இதைத்தானுங்க நான் இத்தன நாளாச் சொல்லிட்டிருந்தேன். இந்த நெறத்தைப் பாருங்க. மேல பால் மாதிரி இருந்து, கீழ வர வர எப்படி மங்குது பாருங்க. இந்தக் கோடு பாருங்க, தலமுடி மாதிரி." விரலால் தொட்டுக்கூடப் பார்த்தார். விரல்நுனியில் ஓதத்தில் பூத்திருந்த உப்பு ஒட்டியது.

என் மனைவி அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அவள் முகத்தை அப்போது நான் பார்த்தேன். திடீரென்று யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல இருந்தது அவள் நின்ற நிலை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு, சம்பந்தமே இல்லாமல், அடுப்பு மேடையில் இருந்த கரித்துணியை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அம்மணி, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா? செவுத்த மட்டுமுங்க" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்தவரிடம் என்ன சொல்வாள். தலையாட்டினாள். ஒதுங்கி நிற்க இடமில்லாமல் பாத்திர அலமாரியோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவர் நான்கைந்து படம் எடுத்தார்.

அவரைச் சந்து முக்கு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். திரை ஈரம் காயாமலேயே சுவரில் ஏறியிருந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

வேலையை ஒப்புக்கொண்டேன்.

ஓதம் செய்ததை ஓதம் இல்லாமல் செய்ய வேண்டும். அதுதான் வேலையே. புதுச் சுவரில் உப்பையும் ஈரத்தையும் ஏற்றிவிட முடியாது, இரண்டு வருடத்தில் உதிர்ந்துபோகும். நிறம் மாறுவதற்குச் சுவரை ஒரே அளவாக நனைக்காமல் சில இடங்களை நன்றாக ஊறவிட்டு, சில இடங்களை அரை ஈரத்தில் விட வேண்டும். சுவர் தண்ணீரை இழுப்பது இடத்துக்கு இடம் மாறினால், பூச்சு காய்கிற நிறமும் மாறும். காவியையும் மஞ்சள் மண்ணையும் கரைத்துப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே துணியால் ஒத்தினால் நிறம் உள்ளே இறங்கும். விரிசலுக்குக் கடைசிப் பூச்சில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கூட்டி, தடிமனையும் கொஞ்சம் கூட்ட வேண்டும். அது காயும்போது தானாகச் சுருங்கி மயிரிழை மயிரிழையாக விடும். முழுசாக இறுகுவதற்குள் கரணையால் அழுத்தித் தேய்த்தால் அந்தக் கோடுகள் பாதி மூடிக்கொண்டு மெலிதாகத் தெரியும். எப்போது அழுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சீக்கிரம் அழுத்தினால் கோடே இருக்காது. தாமதித்தால் பூச்சு பெயர்ந்து வரும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் அசலைப் படிக்க வேண்டும் இல்லையா. அவர் எடுத்த போட்டோ போதவில்லை. அதனால் காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் சமையலறையில் போய்த் திரையை ஒதுக்கிவிட்டு நின்று பார்க்க ஆரம்பித்தேன். ஜன்னல் வெளிச்சம் வரும் நேரம் அது. அவள் தோசை சுட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு எந்த நிறம் எங்கே முடிகிறது, எந்தக் கோடு எந்தப் பக்கம் வளைகிறது என்று ஒரு அட்டையில் பென்சிலால் குறித்துக்கொள்வேன். ஒரு நாள் டார்ச் அடித்துக்கூடப் பார்த்தேன். "கொஞ்சம் தள்ளிக்கோ" என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

அவள் தள்ளி நின்றாள். தோசைத் திருப்பியைக் கீழே வைத்தாள்.

"இந்தச் செவுத்தப் பாருங்க, பாருங்கன்னு எத்தன வருசமாச் சொல்லிட்டிருந்தேன். இப்பத்தான் பாக்கறீங்க."

குரலில் சண்டை இல்லை. ஊரில் எத்தனையோ பேர் வீட்டுச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு வருகிறவன், என் வீட்டுச் சுவரை வேறொருவர் வீட்டுக்காகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அட்டையை மடித்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். பசியில்லாமல் இல்லை. அவள் முன்னால் உட்கார முடியவில்லை.

ஆனால் வேலையை நிறுத்தவும் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சுவர் நான் செய்ததிலேயே நல்ல சுவராக வந்தது. கடைசிப் பூச்சு இறுகும் நாளில் யாரையும் பக்கத்தில் விடாமல் நானே கரணை பிடித்தேன். கோடுகள் நான் நினைத்த இடத்தில் விழவில்லை, அதற்குப் பக்கத்தில் விழுந்தன. அதுவே அழகாக இருந்தது. அவர் சாயங்காலம் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

புது வீட்டில் பால் காய்ச்சும் நாளுக்குக் குடும்பத்தோடு வர வேண்டும் என்று நேரில் வந்து அழைத்தார். "அம்மணியைக் கூட்டீட்டு வராம இருந்துபோடாதீங்க பாய். அவுங்க இல்லாம அந்தச் செவுரே இல்லீங்க." அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். பெருநாளைக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு அதன்மேல் புர்கா போட்டுக்கொண்டாள்.

தோப்புக்குள் பந்தல் போட்டிருந்தார்கள். நல்ல கூட்டம். ஹாலுக்குள் நான் பூசிய சுவருக்கு மேலே விளக்குகள் வரிசையாக எரிந்தன. எனக்கே புதிதாக இருந்தது. வெளிச்சம் மேலேயிருந்து விழுந்ததில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிழல். இளவட்டங்கள் அதன் முன் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி வாசற்படியைத் தாண்டிய இடத்திலேயே நின்றுவிட்டாள். அவள் சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தாள். பிறகு ஒரே இடத்தில் பார்வையை வைத்துக்கொண்டாள். அங்கே என்ன பார்க்கிறாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

வீட்டுக்காரர் எங்களைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சந்தோஷம் அவருக்கு. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சுற்றி நின்ற உறவுக்காரர்களிடம் சத்தமாகச் சொன்னார்.

"எல்லாருங் கேட்டீங்கல்ல, இது எந்த ஊரு டிசைனுன்னு? நம்ம பாய் வீட்டுச் சமையக்கட்டுச் செவுருங்க இது. அப்படியே எடுத்தாந்து வெச்சாப்பல செஞ்சுபோட்டார். இவுங்கதான் அந்த வீட்டம்மா. வாங்க அம்மணி, இங்க நில்லுங்க. ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். சுவரைப் பார்த்தார்கள். மறுபடி அவளைப் பார்த்தார்கள். அவளைச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெரியம்மா, நல்ல மனதோடுதான், கேட்டார்.

"ஏம்மா, உங்க வீடு பழைய காலத்துப் பங்களாவாக்கும்?"

"இல்லீங்க" என்றாள் என் மனைவி. "ஓதமுங்க."

அவள் குரல் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. பெரியம்மா காதில் சரியாக விழாதவர்போல, "என்னங்கம்மா?" என்றார்.

"ஓதமுங்க. பக்கத்து ஊட்டுத் தண்ணி எறங்கி செவுரு பொரிஞ்சுபோச்சுங்க. அதுதானுங்க இது."

யாரோ சிரித்தார்கள். தமாஷாகச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவர் முகம் சிவந்துபோனது. போனைத் தாழ்த்திக்கொண்டார். என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். புது மார்பிள் தரை. அதில் என் முகமே தெரிந்தது.

வீட்டுக்காரரின் மனைவிதான் வந்து என் மனைவியின் கையைப் பிடித்து, "வாங்க, நீங்க இன்னும் ஒண்ணும் சாப்பிடலை" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அவர்களுக்குள் சமையலறையில் என்ன பேச்சு நடந்தது என்பதை என் மனைவி பிறகு சொன்னாள். அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாராம்:

"நானும் வேண்டாமுன்னுதானுங்க சொன்னேன். எங்கம்மா வந்து பாத்துப்போட்டு, ஏங் கண்ணு, இந்தச் செவுத்துக்கு மட்டும் இன்னும் பெயிண்ட் அடிக்கலையான்னு கேட்டாங்க. எனக்கு எங்க மூஞ்சிய வெச்சுக்கறதுன்னு தெரியலை."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருக்கிறார்கள். அந்தச் சமையலறை முழுக்க வெள்ளை டைல்ஸ். ஒரு புள்ளி கிடையாது.

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் இருவருக்கும் ஒரே சீட்டில் இடம் கிடைத்தது. அவள் ஜன்னலோரம். உக்கடம் குளம் தெரிய ஆரம்பித்தபோது சொன்னாள்.

"அந்தக் கறுப்பாட்ட ஒரு எடம் போட்டிருந்தீங்கல்ல, நெஞ்சு உசரத்துல, வலது பக்கம்?"

எந்த இடம் என்று உடனே தெரிந்தது. அந்தச் சுவரிலேயே நான் பெருமைப்பட்ட இடம் அது. ஓரங்கள் மங்கி, நடுவில் மட்டும் மினுங்குகிற மாதிரி, கூழாங்கல்லால் அரைமணி நேரம் தேய்த்துக் கொண்டுவந்தது.

"அது ஓதமில்லீங்க. குழம்பு கிண்டறப்ப திரையத் தள்ளிட்டு நான் கை ஊணிக்கற எடம். எண்ணெக் கை."

பஸ் சத்தத்தில் அதற்குப் பிறகு அவள் ஏதாவது சொன்னாளா என்று தெரியவில்லை. நான் எதிர் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தினமும் காலையில் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தேனே, அந்த இடத்தில் அவள் கை இருந்ததை எத்தனை முறை பார்த்திருப்பேன். கையை நகர்த்தச் சொல்லிவிட்டு அடியில் இருந்த நிறத்தைக் குறித்துக்கொண்டிருக்கிறேன். அதை ஊர்க்காரர்கள் சாய்ந்து நின்று போட்டோ எடுக்கிற சுவரில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அவளைத் தொட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது. பஸ்ஸில் ஆட்கள் இருந்தார்கள். ஆட்கள் இல்லாவிட்டாலும் கேட்டிருப்பேனா என்று எனக்கு நிச்சயமில்லை.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. சமையலறைச் சாமான்களை முன்னறைக்கு மாற்றினேன். சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு நின்றேன்.

"ஒனக்கு எப்படி வேணும், சொல்லு."

அவள் யோசிக்கவே இல்லை. "வெள்ளையா. ஒரே வெள்ளையா. ஒரு கோடு இருக்கக் கூடாது."

பூச்சை முழுக்கச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்தேன். என் சிமெண்ட் ஒட்டுகள்தான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தன. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தன் குளியலறைப் பைப்புக்குப் பின்னால் கையைவிட்டுப் பார்த்துவிட்டு வந்து, "பைப்பு ஒடஞ்சிருக்குது பாய், எனக்குத் தெரியவே தெரியாது" என்று வருந்தினார். நான் ஒரு தடவைகூட அவரிடம் கேட்டதில்லை. பைப்பை மாற்றினோம். பிறகு சுவரைத் திறந்தபடியே கோடை முழுக்கக் காயவிட்டேன். செங்கலில் பூத்துவந்த உப்பைத் தண்ணீர் படாமல் பிரஷால் உதிர்த்து அள்ளிக் கொட்டுவதை அவளே தினமும் செய்தாள். அத்தனை மாதமும் முன்னறையில் ஒரு காலி மண்ணெண்ணெய் டின் மேல் அடுப்பை வைத்துச் சமைத்தாள்.

இந்த முறை விரிசல் விடாத பூச்சு. கலவை நீர்க்காமல், ஒவ்வொரு பூச்சும் நகக்கனம்தான். முந்தியது முழுக்கக் காய்வதற்குள் அடுத்தது. காற்று அடிக்காமல் ஜன்னலில் ஈரச்சாக்கு கட்டினேன். கடைசிக்கு நன்றாகப் புளித்த சுண்ணாம்பை மெல்லிய துணியில் வடிகட்டி, மார்பிள் பவுடர் சேர்த்து, இரும்புக் கரணையால் இழுத்தேன். பூச்சு எங்கெல்லாம் கோடு விட நினைத்ததோ அங்கெல்லாம் அழுத்தி மூடினேன். ஒரே வெள்ளை. மூலைக்கு மூலை ஒன்றுபோல. பவுண்டரிக்காரர் பார்த்தால் உயிரில்லை என்று சொல்லியிருப்பார்.

அவள் சுவருக்கு வெகு அருகில் முகத்தை வைத்து மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "சரி" என்றாள்.

கொஞ்ச நாள் கழித்து பவுண்டரிக்காரர் போன் செய்தார். நெகமத்தில் அவருடைய சம்பந்தி ஒருவர் வீடு கட்டுகிறாராம், அசல் சுவரை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்கிறாராம். கேட்கவே அவர் தயங்குவது தெரிந்தது.

"இல்லைங்களே. கொத்திப்போட்டேன்."

"நல்லதுங்க பாய்" என்றார். "அன்னைக்கு அம்மணி முன்னால நான் பேசுனது… சொல்லிப்போடுங்க. எனக்கு நேர்ல சொல்றதுக்கு ஒரு மாதிரி இருக்குது." சொல்கிறேன் என்றேன். சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். "அவரு மேல என்ன இருக்குது" என்றாள். என் மேல் என்ன இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை.

பெருநாள் வந்தது. சந்துப் பெண்கள் எல்லா வருடமும் வருவார்கள். எல்லா வருடமும் முன்னறையிலேயே அவர்களை உட்கார வைத்து, தட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவாள். இந்த முறை வாசலிலிருந்தே, "உள்ள வாங்க, உள்ள வாங்க, சமையக்கட்டுக்கே வாங்க" என்று அவள் கூப்பிடுவது கேட்டது. நான் முன்னறையில் ஆண்களுக்குச் சேமியா ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஏழெட்டுப் பேர் நின்று பேசும் சத்தம். யாரோ சுவரைப் பார்த்து, கண்ணாடி மாதிரி இருக்கிறதே, யார் செய்தது என்று கேட்டார்கள்.

"எங்கூட்டுக்காரரு பூசுனதுங்க" என்றாள் அவள். "எனக்காகப் பூசுனாரு."

உள்ளேயிருந்து யாரோ எட்டி என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து சேமியாக் கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.